புதிய ஆசிரியர்களுக்கான அறிமுக வாரம்: நிகழ்ச்சி நிரலும் முதல் மாத எதிர்பார்ப்புகளும்

அனுப்புநர்: முதல்வர்
பெறுநர்: 2025–26 கல்வியாண்டில் பணியேற்கும் ஒன்பது ஆசிரியர்கள்
நாள்: 19.05.2025

அன்புடையீர், வணக்கம்.

நம் மெட்ரிக்குலேஷன் மேல்நிலைப் பள்ளியில் பணியேற்கவிருக்கும் உங்களை வரவேற்கிறேன். ஜூன் 2ஆம் நாள் பள்ளி திறக்கிறது. அதற்கு முந்தைய வாரம், மே 26 திங்கள் முதல் 30 வெள்ளி வரை, உங்களுக்கான அறிமுக வாரம். நாள்தோறும் காலை 9.30 மணிக்குத் தொடங்கி மாலை 3.30 மணிக்கு முடியும். இந்த ஐந்து நாள்களும் பணி நாள்களாகவே கணக்கிடப்பட்டு ஊதியம் வழங்கப்படும். மதிய உணவைப் பள்ளியே ஏற்பாடு செய்கிறது.

திங்கள், மே 26: பணியேற்பு, பள்ளியைச் சுற்றிப் பார்த்தல்

காலை 9.30 மணிக்கு அலுவலகத்தில் மூலச் சான்றிதழ்களைக் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மூலச் சான்றிதழ் எதையும் பள்ளி தன் வசம் வைத்துக்கொள்ளாது. நகல் மட்டும் போதும். வங்கிக் கணக்கு, வருங்கால வைப்பு நிதி, எமிஸ் பதிவு ஆகியவற்றுக்கான படிவங்களை அன்றே நிரப்பிவிட்டால் ஜூன் மாத ஊதியம் தாமதமாகாது.

11 மணிக்கு உதவித் தலைமையாசிரியை உங்களைப் பள்ளி முழுவதும் அழைத்துச் செல்வார். நூலகம், ஆய்வகங்கள், நோய்வாய்ப்பட்ட பிள்ளைகள் ஓய்வெடுக்கும் அறை, குடிநீர்த் தொட்டி என்று எல்லாவற்றையும் பார்ப்பீர்கள். ஆனால் இரண்டு இடங்களில் சற்று நின்று கவனியுங்கள். ஒன்று, கிழக்குக் கட்டடத்தின் மாடிப்படி. இடைவேளை மணி அடித்ததும் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் அதில்தான் இறங்குகிறார்கள். படித்திருப்பத்தில் ஓர் ஆசிரியர் நின்றால்தான் நெரிசல் இல்லாமல் இறங்குவார்கள். மற்றொன்று, ஒவ்வொரு தளத்திலும் சிவப்பு வண்ணம் பூசிய அவசர வழிக் கதவு. அதை எக்காரணம் கொண்டும் பூட்டக்கூடாது. அதன் முன்னே பெஞ்சு போடவும் கூடாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகளைப் பள்ளித் தீவிபத்தில் பறிகொடுத்த மாவட்டம் நம்முடையது. இதை நான் வெறும் விதியாகச் சொல்லவில்லை. தீயணைப்புக் கருவியை ஒவ்வொருவரும் அன்று ஒருமுறையாவது கையில் எடுத்து இயக்கிப் பார்ப்பீர்கள்.

செவ்வாய், மே 27: பள்ளியின் நெறிமுறைகள்

காலை முழுவதும் குழந்தைகளின் பாதுகாப்புக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. பிரம்பு நம் பள்ளியில் இல்லை. ஆனால் முட்டி போடச் செய்வதும், கட்டணம் கட்டாத பிள்ளையை எழுப்பி நிற்க வைப்பதும், மதிப்பெண்ணைச் சொல்லி வகுப்பைச் சிரிக்க வைப்பதும் அதே தடைக்குள் அடங்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 25 விழுக்காடு ஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளைகள் யார் என்பது வகுப்பில் எவருக்கும் தெரியவேண்டியதில்லை. உங்கள் பேச்சிலோ பதிவேட்டுக் குறியிலோ அது வெளிப்படக்கூடாது.

2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின்படி, ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நேர்ந்ததை அறிந்தாலோ, நேரக்கூடும் என்று அஞ்சினாலோ, காவல் துறைக்குத் தெரிவிப்பது அறிந்தவரின் கடமை. தெரிவிக்கத் தவறுவது தண்டனைக்குரிய குற்றம். என்னிடம் சொல்லிவிட்டதால் மட்டும் அந்தக் கடமை தீர்ந்துவிடாது. நீங்கள் விசாரணை நடத்த வேண்டாம். குழந்தை சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்டு, சொன்ன சொற்களையே எழுதி வைத்து, உடனே என்னிடம் வாருங்கள். புகாரளிக்க நானும் உங்களுடன் வருவேன். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் ஒவ்வொரு வகுப்பறைக் கதவின் பின்புறமும் ஒட்டப்பட்டுள்ளது.

பிற்பகலில் விடுப்பு, வருகை, கைப்பேசி, ஊதியம் பற்றிய விதிகள். இவை கையேட்டில் உள்ளன. படித்துக்கொண்டு வந்தால் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம். தற்செயல் விடுப்புக்கு முதல் நாள் மாலைக்குள் எழுதிக் கொடுங்கள். திடீர் உடல்நலக் குறைவென்றால் காலை 7.30க்குள் உதவித் தலைமையாசிரியைக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள்; அப்போதுதான் பதிலி வகுப்புக்கு ஆள் நியமிக்க முடியும். மாணவர்களுக்குத் தனிப்பட்ட முறையில் வாட்ஸ்அப் செய்தி அனுப்பக்கூடாது. தனிப்பயிற்சி எடுப்பதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவே தடுக்கிறது. பெற்றோர் வற்புறுத்தினாலும் மறுத்துவிடுங்கள். பெண் ஊழியர்களின் பாதுகாப்புக்கான உள்ளகக் குழு உறுப்பினர்களை அன்று நேரில் சந்திப்பீர்கள்.

புதன், மே 28: தோழமை ஆசிரியர்

உங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு தோழமை ஆசிரியர் உண்டு. அதே பாடத்தையோ அதே வகுப்பையோ கற்பிப்பவராகவும், இங்கே குறைந்தது மூன்றாண்டுகள் பணியாற்றியவராகவும் பார்த்து நியமித்திருக்கிறோம். அவர் உங்கள் மேலதிகாரி அல்லர். உங்களைப் பற்றி அவர் எனக்கு அறிக்கை எதுவும் தரமாட்டார், நானும் கேட்கமாட்டேன். ஜூன், ஜூலை மாதங்களில் வியாழக்கிழமைதோறும் ஆறாம் பாடவேளை உங்கள் இருவருக்கும் ஓய்வாக வரும்படி கால அட்டவணை அமைந்துள்ளது; அந்த நேரத்தில் பதிலி வகுப்பு தரப்படாது.

சென்ற ஆண்டு சேர்ந்த ஓர் ஆசிரியர், புரொஜெக்டர் அறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்கக் கூச்சப்பட்டு, மூன்று வாரம் கரும்பலகையிலேயே செல்லின் படத்தை வரைந்துகொண்டிருந்தார். படங்கள் அழகாகவே இருந்தன. ஆனாலும் சாவி ஆய்வக உதவியாளரிடம் இருக்கிறது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இத்தகைய சிறிய கேள்விகளுக்காகவே தோழமை ஆசிரியர் இருக்கிறார்.

வியாழன், வெள்ளி, மே 29, 30: வகுப்புக்கான ஆயத்தம்

வியாழனன்று பாடத்துறைத் தலைவர்களுடன் அமர்ந்து ஜூன் மாதப் பாடத்திட்டத்தைப் பிரித்து, முதல் இரண்டு வாரத்துக்கான பாடக்குறிப்பை எழுதுங்கள். வெள்ளியன்று ஒவ்வொருவரும் சக ஆசிரியர்கள் முன் பதினைந்து நிமிடம் பாடம் நடத்துவீர்கள். அதற்கு மதிப்பெண் கிடையாது. மாலையில் வருகைப் பதிவேடு, வகுப்பறைச் சாவி, கால அட்டவணை ஆகியவற்றைக் கையொப்பமிட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.

முதல் மாதத்தில் எதிர்பார்ப்பவை

காலை 8.40 மணிக்குள் வருகையைப் பதிவு செய்து, 8.50 மணி வழிபாட்டுக் கூட்டத்தில் உங்கள் வகுப்பு வரிசையின் பின்னே நில்லுங்கள். பாடக்குறிப்பேடு திங்கள்தோறும் பாடத்துறைத் தலைவரின் மேசைக்கு வரவேண்டும். வீட்டுப்பாட ஏடுகளை வாரத்துக்கு ஒருமுறையாவது திருத்துங்கள். வெறும் சரிக்குறியை விட, பிழையைக் காட்டும் ஒரு வரி பிள்ளைக்குப் பயன்படும்.

ஜூன் 13க்குள் நீங்கள் கற்பிக்கும் எல்லாப் பிள்ளைகளையும் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஐந்து பிரிவுகளுக்குச் செல்பவருக்கு இது இருநூறு பெயர், கடினம்தான். முதல் வாரத்தில் இருக்கை வரைபடம் ஒன்றை எழுதி மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். பாடத்தில் இரண்டு நாள் பின்தங்கினால் நான் கேட்கமாட்டேன். இதைக் கட்டாயம் கேட்பேன்.

இம்மாதத்தில் உங்கள் தோழமை ஆசிரியரின் வகுப்பில் இரண்டு பாடவேளைகள் அமர்ந்து பாருங்கள். அவரும் உங்கள் வகுப்புக்கு ஒருமுறை வருவார். நான் ஜூன் 16க்கு முன்பு எவர் வகுப்புக்கும் வரமாட்டேன். அதன் பிறகு வரும்போது முதல் நாளே தெரிவிப்பேன். வகுப்பில் ஒழுங்குச் சிக்கல் எழுந்தால் பிள்ளையை வெளியே அனுப்பாதீர்கள். அவரை வகுப்பிலேயே இருக்கச் செய்து, பாடவேளை முடிந்ததும் வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். பெற்றோர் நேரடியாக வகுப்பறைக்கு வந்தால், வணக்கம் சொல்லி, அலுவலகத்தில் நேரம் குறித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜூன் 30 திங்கள் மாலை 4 மணிக்கு ஒன்பது பேரும் நூலகத்தில் கூடுவோம். இங்கே சொன்னதில் எது நடைமுறையில் ஒத்துவரவில்லை என்பதை எழுதிக்கொண்டு வாருங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
முதல்வர்