முதல் கடன் வாங்கப் போகிறீர்களா? சிபில் ஸ்கோருக்கு ஒன்று செய்யுங்கள், ஒன்றைத் தவிருங்கள்

திரையில்: 300 – 900

வணக்கம். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, பைக் வாங்கணும், இல்லை முதல் கிரெடிட் கார்டு எடுக்கணும் என்று இருக்கிறீர்களா? இந்த வீடியோ உங்களுக்குத்தான். கடன் கேட்டுப் போனால் எல்லாரும் "சிபில் எவ்வளவு?" என்பார்கள். அது 300-லிருந்து 900 வரை போகும் ஒரு எண், அவ்வளவுதான். வாங்கிய கடனை நீங்கள் எப்படிக் கட்டுகிறீர்கள் என்று வங்கிகளும் ஃபைனான்ஸ் கம்பெனிகளும் அனுப்பும் விவரத்திலிருந்து அது கணக்காகிறது. இந்தியாவில் இந்த வேலையைச் செய்யும் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க். சிபில்தான் பழகிய பெயர் என்பதால் எல்லா ஸ்கோரையும் அப்படியே சொல்லிவிடுகிறோம்.

உங்கள் சம்பளம் எவ்வளவு, பேங்கில் எவ்வளவு சேர்த்து வைத்திருக்கிறீர்கள் என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வராது. கை நிறையச் சம்பளம் வாங்கிக்கொண்டு தவணையைத் தள்ளித் தள்ளிக் கட்டுகிறவரைவிட, இருபதாயிரம் சம்பளத்தில் தேதி தவறாமல் கட்டுகிறவருக்கு ஸ்கோர் நன்றாக இருக்கும்.

இதுவரை கடனே வாங்கவில்லையா? அப்போது உங்களுக்கு ஸ்கோரே இருக்காது. அது மோசமான ஸ்கோர் இல்லை, பயப்பட வேண்டாம். முன்பு கடன் வாங்கிய வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல்முறை கேட்பவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது.

திரையில்: செய்ய வேண்டியது

தவணைப் பணம் தானாகப் போகும்படி ஆட்டோ டெபிட் போட்டுவிடுங்கள், அதுவும் முழுத் தொகைக்கு. கார்டு ஆப்பில் இரண்டு ஆப்ஷன் காட்டும்: Total Amount Due, Minimum Amount Due. முதலாவதைத்தான் தொட வேண்டும். இருபதாயிரம் பில்லுக்கு ஆயிரம் கட்டினால் போதும் என்று அது காட்டும்போது நிம்மதியாகத்தான் இருக்கும், ஆனால் மீதி பத்தொன்பதாயிரத்துக்கு மாதம் மூன்றரை சதவீதம் வட்டி என்று வைத்தாலே வருஷத்துக்கு 42 சதவீதம் ஆகிறது, அதற்கு மேல் ஜிஎஸ்டி வேறு, போதாததற்கு அடுத்து வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓட ஆரம்பிக்கும். அப்படியே கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, ஒரு மாதம் கட்டவே முடியாமல் போகும்போது ஸ்கோர் அடி வாங்கும்.

பைக் லோன் என்றால் இன்னொன்றையும் பாருங்கள். சம்பளம் 7-ஆம் தேதி வருகிறது, இஎம்ஐ 5-ஆம் தேதி என்றால் மாதாமாதம் திண்டாட்டம். கணக்கில் பணம் இல்லாமல் டெபிட் பவுன்ஸ் ஆனால் வங்கி ஒரு கட்டணம் பிடிக்கும், ஃபைனான்ஸ் கம்பெனி தனியாக ஒன்று போடும். அதனால் கையெழுத்துப் போடும் முன்பே, "தவணைத் தேதியை 10-ஆம் தேதிக்கு வைக்க முடியுமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். இதைக் கேட்கக் கூச்சமே வேண்டாம்.

திரையில்: செய்யக் கூடாதது

ஒரே வாரத்தில் நாலைந்து இடத்தில் கடனுக்கு விண்ணப்பிக்காதீர்கள். நீங்கள் விண்ணப்பித்ததும் அந்த நிறுவனம் உங்கள் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்க்கும், அந்த விசாரணையும் ரிப்போர்ட்டில் பதிவாகும். அடுத்து பார்க்கிறவர் கண்ணில் ஐந்து விசாரணைகள் வரிசையாகப் பட்டால், 'இவருக்கு ஏதோ பணமுடை, எல்லா இடத்திலும் கேட்டுப் பார்க்கிறார்' என்றுதான் நினைப்பார், ஸ்கோரும் கொஞ்சம் இறங்கும். ஒரு இடத்தில் இல்லை என்று சொன்ன ஆத்திரத்தில் அன்று இரவே நாலு லோன் ஆப்பில் ஆதார், பான் எல்லாம் கொடுத்துவிடுவதுதான் நம் பிள்ளைகளுக்கு நிறைய நடக்கிறது. பைக் ஷோரூமிலும் கவனம்: நீங்கள் கொடுத்த பேப்பரை வைத்து அவர்களே மூன்று நாலு கம்பெனிக்கு அனுப்பிப் பார்ப்பது உண்டு. "முதலில் ஒன்றுக்கு மட்டும் அனுப்புங்கள், பதில் வந்த பிறகு பார்க்கலாம்" என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். வட்டியை ஒப்பிட்டுப் பார்ப்பது தப்பே இல்லை, தாராளமாக நாலு இடத்தில் வட்டி எவ்வளவு என்று கேளுங்கள். விண்ணப்பம் மட்டும் ஒரு இடத்தில் போதும்.

"என் ஸ்கோரை நானே பார்த்தால் குறையுமா?" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். குறையாது. அந்த நான்கு நிறுவனங்களும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும், அதனால் அவர்களுடைய சொந்த இணையதளத்திலேயே போய் எடுங்கள். மாதச் சந்தா கட்டு என்று காட்டினால் தாண்டிப் போய்விடுங்கள். ரிப்போர்ட்டில் பெயர், பான் எண் சரியா என்று பாருங்கள், அப்புறம் நீங்கள் வாங்காத கடன் ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். தவறு இருந்தால் அங்கேயே புகார் பதியலாம். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், அதற்கு மேல் ஆகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடாக வர வேண்டும். புகார் எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.