ராணி அக்காவுக்கு, ஒரே ஒரு கேம் மட்டும்

அன்புள்ள அக்கா,

போன்ல நீ சொன்னத நான் மறுக்கல. கேம்னாலே சுடுறது, வெட்டுறது, ராத்திரி முழுக்க முழிச்சுக் கெடக்குறதுன்னு நெனக்கிற, வீட்ல சின்னவன் ஆடுறதப் பாத்தா யாருக்கும் அப்படித்தான் தோணும், அதுவும் கேம் உள்ள போயி துப்பாக்கி, சட்டைன்னு வாங்க உன் போன்லயே காச எடுத்துட்டான்னா கோவம் வராம இருக்குமா. ஆனா கேம்னா அது மட்டும் இல்லக்கா.

நீ மொதல்ல ஆட வேண்டியது ‘வெண்பா’. 2023ல வந்துச்சு, கனடா டொராண்டோவுல இருக்குற நம்மாளுக பண்ணது. 1988ல அங்க குடியேறுன ஒரு தமிழ்க் குடும்பம், வெண்பா, பாவலன், அப்புறம் அவங்க மகன் கவின். நீ வெண்பாவா இருந்து சமைக்கணும், அவ்வளவுதான் ஆட்டம். அம்மா கொடுத்து விட்ட சமையல் நோட்டு கிழிஞ்சு அழிஞ்சு கெடக்கும், பாதி எழுத்து இருக்காது, மிச்சத்த நீயே கண்டுபிடிக்கணும்.

மொத சமையல் இட்லி. தட்டுல துணி போட்டு மாவு ஊத்தணும், அப்புறம் தட்ட எப்படி மாத்தி மாத்தி அடுக்குனா ஆவி மேல ஏறும், மேல் தட்டு கீழ் இட்லிய நசுக்காதுன்னு யோசிக்கணும். கேம் ஆடிப் பழகுனவங்களே இங்க தடுமாறுவாங்க, நீ அசால்ட்டா போட்ருவ, ஏன்னா தெனமும் கைல செய்யுற வேலை. தப்பா அடுக்குனாலும் ஒண்ணும் இல்ல, திரும்ப செய்யலாம், கடிகாரம் ஓடாது, யாரும் சாக மாட்டாங்க.

சமைக்கும்போது ரேடியோவுல தமிழ்ப் பாட்டு ஓடும், எண்ணெய்ல தாளிக்கிற சத்தம் அப்படியே நம்ம அடுப்படி மாதிரி கேக்கும், ஹெட்போன் மாட்டிக்க.

கதை மட்டும் கொஞ்சம் கனமாத்தான் இருக்கும். பையன் வளர வளர வீட்ல தமிழ் பேசுறது கொறையும், அம்மா சாப்பாடு பிடிக்காமப் போகும், இங்க நம்ம ஊர்லயே துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போனவுக வீட்ல இது நடக்குதே. பெரியம்மா நண்டுக் குழம்பு எங்கயும் எழுதி வைக்கலன்னு நீயே வருத்தப்படுவல்ல, அதனாலதான் இத உனக்குன்னு சொல்றேன், வேற யாருக்காச்சும்னா வேற கேம் சொல்லியிருப்பேன்.

2024ல லண்டன்ல பாஃப்டா கேம் விருதுல ‘முதல் கேம்’ பிரிவுல இதுக்குத்தான் பரிசு, ஆனா விருதுக்காக ஆடாத, இட்லிக்காக ஆடு.

ஒன்றரை மணி நேரத்துல முடிஞ்சுரும். ஒரு தடவ காசு கட்டுனா போதும், உள்ள எதையும் வாங்கச் சொல்லாது. எழுத்து இங்கிலீஷ்ல வரும், உனக்கு அது பெரிய விஷயமில்ல. ஞாயித்துக்கிழம மண்டபத்துல உன் வீட்டுக்கு வாறேன், என் லேப்டாப்ல ஏத்திக் கொண்டாறேன், சின்னவனையும் பக்கத்துல உக்கார வைப்போம், மவுச மட்டும் அவன்ட்ட குடுத்துறாத.

பெரியம்மாவக் கேட்டதா சொல்லு.

உன் தம்பி,
செல்வம்