ஜப்பான் 2020: மக்கள்தொகைப் பிரமிடு விளக்கம்

டீச்சர், நீங்கள் வகுப்பில் காட்டிய ஸ்கிரீன்ஷாட்டுக்கு என் விளக்கம் இது. இடப்பக்கம் ஆண்கள், வலப்பக்கம் பெண்கள், ஒவ்வொரு வயதுக்கும் ஒரு பட்டை. கிடை அச்சில் இருப்பது சதவீதம் இல்லை, ஆட்களின் எண்ணிக்கை. அதனால் பட்டையின் நீளத்தை அப்படியே ஆட்கணக்காகப் படிக்கலாம்.

பிரமிடு என்று பெயர்தான், முக்கோணமே இல்லை. அடி குறுகி, நடுவில் இரண்டு இடத்தில் புடைத்து, மேலே போகப் போக மெல்ல ஒடுங்குகிறது. முதல் புடைப்பு 71 முதல் 73 வயது வரை. 2020இல் இருந்து பின்னோக்கிக் கழித்தால் 1947–49 வருகிறது, போர் முடிந்து குடும்பங்கள் மறுபடி ஒன்றுசேர்ந்த காலம், ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 27 லட்சம் குழந்தைகள் பிறந்தார்கள். அதற்கு நேர் மேலே, 74–75 வயதில், பட்டை சட்டென்று உள்ளே போகிறது. அது போர் முடிந்த நேரத்துக் குறைவு. இரண்டாவது புடைப்பு 46 முதல் 49 வரை. முதல் புடைப்பில் பிறந்தவர்கள் வளர்ந்து தாங்களே பெற்றோரான காலம், 1971–74, ஆண்டுக்கு 20 லட்சத்துக்கு மேல் பிறப்பு.

இரண்டுக்கும் நடுவில் 54 வயதில் ஒரு பட்டை மட்டும் கத்தியால் வெட்டியதுபோல் குட்டையாக இருக்கிறதே, அதைப் பார்த்ததும் படத்தில் ஏதோ பிழை என்றுதான் நினைத்தேன். பிழை இல்லை. 1966 ஜப்பானிய மரபு நாட்காட்டியில் நெருப்புக் குதிரை ஆண்டு, அந்த ஆண்டில் பிறக்கும் பெண் கணவனுக்கு ஆகாதவள் என்ற நம்பிக்கையால் பலர் பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போட, 1965இல் சுமார் 18 லட்சமாக இருந்த பிறப்பு 13.6 லட்சத்துக்கு இறங்கி, 1967இல் 19 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஐந்தைந்து வயதாகச் சேர்த்து வரைந்திருந்தால் இந்தப் பள்ளம் இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்காது.

வயது அமைப்பைச் சுருக்கமாகச் சொன்னால், 15 வயதுக்கு உட்பட்டவர்கள் 11.9%, 15–64 வயதினர் 59.5%, 65க்கு மேல் 28.6%. அதாவது உழைக்கும் வயதில் உள்ள 100 பேருக்குச் சார்ந்தோர் 68 பேர், அதில் 48 பேர் முதியவர்கள். சார்பு விகிதம் என்ற ஒரே எண்ணை மட்டும் எழுதினால் இந்த வித்தியாசம் மறைந்துவிடும், அதனால்தான் பிரித்து எழுதினேன். 80 வயதுக்கு மேல் வலப்பக்கம் தெளிவாக அகலமாகிறது, பெண்களின் ஆயுள் எதிர்பார்ப்பு 87க்கு மேல், ஆண்களுக்கு 81 சொச்சம்.

சரி, இனி என்ன ஆகும்? அடிப்பட்டை குறுகியிருக்கிறது, ஆகவே மக்கள்தொகை குறையும் என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு: நாளைய அம்மாக்கள் எல்லாரும் ஏற்கெனவே இந்தப் படத்தில் இருக்கிறார்கள். 47 வயதுப் பெண்களின் பட்டை 10 லட்சத்தை ஒட்டி நிற்கிறது, அடியில் இருக்கும் கைக்குழந்தைப் பெண்கள் சுமார் 4 லட்சம்தான். இவர்கள் ஆளுக்கு இரண்டு குழந்தை பெற்றாலும் பிறப்பு எண்ணிக்கை பழைய நிலைக்குத் திரும்பாது. நடப்பிலோ 2020இல் மொத்தக் கருவள விகிதம், அதாவது ஒரு பெண் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கை, 1.33தான், தலைமுறை ஈடாகத் தேவைப்படும் 2.1க்கு மிகக் கீழே. 1970களில் பிறந்தவர்கள் பிள்ளை பெறும் வயதில் இருந்தபோது மூன்றாவது புடைப்பு ஒன்று வந்திருக்க வேண்டும். 20 முதல் 30 வயது வரை பட்டை பட்டையாகப் பார்த்தேன், வரவே இல்லை. அவர்களும் அந்த வயதைக் கடந்துவிட்டார்கள், அதுதான் இந்தப் படத்தில் என்னை மிகவும் வருத்திய இடம்.

இன்னொன்று, முதல் புடைப்பு 80, 90 என்று மேலே நகரும்போது இறப்பு எண்ணிக்கை கூடும். மருத்துவம் மோசமானதால் அல்ல, அந்த வயதில் அத்தனை பேர் இருப்பதால். ஆக ஒரே நேரத்தில் பிறப்பு குறைந்து இறப்பு கூடுகிறது. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் 20களின் பட்டைகளைக் கொஞ்சம் அகலமாக்கலாம், குறைவின் வேகம் தணியலாம். 2020இல் 12.6 கோடி, 2070இல் ஏறத்தாழ 8.7 கோடி என்பது அந்நாட்டு ஆய்வு நிறுவனம் 2023இல் வெளியிட்ட கணிப்பு. படத்தை அப்படியே 30 ஆண்டு மேலே தள்ளிப் பார்த்தேன், இரண்டாவது புடைப்பு 76–79க்குப் போய்விடுகிறது, கீழே அதைத் தாங்க அந்த அளவுக்கு அகலமான பட்டை ஒன்றுகூட இல்லை.

ஸ்கிரீன்ஷாட்டில் மேல் நுனி வெட்டுப்பட்டிருக்கிறது டீச்சர். 100 வயதைத் தாண்டியவர்கள் 2020இல் அங்கே சுமார் 80 ஆயிரம் பேர், பெரும்பாலும் பெண்கள். முழுப் படம் இருந்தால் அனுப்புங்கள், அந்தப் பகுதியையும் சேர்த்து எழுதுகிறேன்.