நாலும் எட்டும்

நான் பிறந்தது 17-ஆம் தேதி, என் மனைவி 13. எண் கணிதக்காரர் ஒரு தாளில் கூட்டிக் காட்டினார்: ஒன்றும் ஏழும் எட்டு, சனி. ஒன்றும் மூன்றும் நாலு, ராகு. "நாலும் எட்டும் ஒரே கூரையில இருக்கவே கூடாது. இப்பவே பிரிஞ்சிடுங்க."

அப்போது கல்யாணமாகி ஆறு மாதம். அம்மா அழுதாள். தாளை வாங்கி நாலாக மடித்த மனைவி, வீட்டுக்கு வந்ததும் ஆடிக்கொண்டிருந்த தையல் மெஷினின் காலுக்கடியில் சொருகினாள். ஆட்டம் நின்றது.

பயம் எனக்குத்தான் போகவில்லை. மூன்றாம் வருஷம் வண்டியிலிருந்து விழுந்து கால் முறிந்தது. வேலையும் போனது. ராத்திரி படுத்துக்கொண்டு, "அவர் சொன்னது சரிதானோ?" என்றேன்.

நூல் கோத்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. ஊசிக் காதை விளக்குக்கு நேராகப் பிடித்து, நூல் நுனியை ஈரப்படுத்தி, இரண்டாம் முறையில் கோத்தாள். "என்னங்க, மாத்திரை போட்டீங்களா?"

அந்த ஒன்பது மாதமும் அவள் தைத்த துணிதான் எங்களுக்குச் சோறு போட்டது. பிறகு வேலை கிடைத்தது. மகள் பிறந்தாள், 22-ஆம் தேதி. "இன்னொரு நாலு!" என்று அவள் சிரித்த சிரிப்பில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இருபது வருஷமாகிறது. நேற்று வீட்டைக் கூட்டும்போது மெஷினைத் தூக்கினேன். தாள் பழுத்து, எழுத்து அழிந்திருந்தது.

"அதை எடுக்காதீங்க, ஆடும்" என்றாள்.

திருப்பி அங்கேயே வைத்தேன்.