பட்டி பெருக

போகியன்று ராத்திரி பத்தரைக்குத்தான் கம்பெனியில் எங்களை விட்டார்கள். பொங்கலுக்கு முன்னால் சரக்கு ஏறியாக வேண்டும் என்று ஒரு வாரமாக ஒன்றரை ஷிப்டு. ரூமுக்கு வந்ததும் நான் குளித்துவிட்டு என் பாயை விரித்தேன். பழனிக்கு மாலை போட்டிருந்ததால் தலையணை கிடையாது. கதிர்வேல் துணிப்பையில் சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தான். அவன் பக்கத்துச் சுவரில் பெரியார் படம், என் பக்கம் பழனியாண்டவர். மூன்று வருடமாக அப்படித்தான், ஒரு நாளும் அதற்காகச் சண்டை வந்ததில்லை.

"ஏனுங் சாமி, பட்டிப் பொங்கலுக்குத் தெப்பக்குளம் எத்தன அடிக்குக் கட்டணும்?" என்றான்.

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அவனுடைய ஊர் காங்கேயம் பக்கம். அப்பா ஐப்பசியில் பக்கவாதம் வந்து விழுந்தவர். பட்டியில் மாடு இல்லாமல் போய் நாலு வருடம் ஆகிறது. கடைசியாக விற்றது ஒரு கன்று. காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும், ஆறேழு மாதத்தில்தான் வெளுக்கும். அது வெளுப்பதற்குள்ளேயே லாரி ஏறிவிட்டது என்று முன்பொரு தடவை சொல்லியிருக்கிறான்.

"மாடே இல்லாத பட்டிக்குத் தெப்பக்குளம் எதுக்குடா?"

"அப்பா வருசாவருசம் கட்டுவாருங். மண்ணுல கரை எடுத்து, சாணி மெழுகி, ஆவாரம்பூ வெச்சு, தண்ணி ஊத்தி. கன்னுதான் மிதிச்சுட்டுப் போகணும். கன்னு போனதுக்கப்புறம் அவரே வேட்டியத் தூக்கிக் கட்டிக்கிட்டு மிதிப்பாரு. இந்த வருசம் முடியாது. நாந்தான் மிதிக்கோணும்."

எனக்குக் கோபம் வந்தது. இன்றைக்கும் அந்தக் கோபம் தப்பென்று நான் நினைக்கவில்லை. "நீ சாமி இல்லைங்கறவன். நம்பாம செஞ்சா அது கூத்து. படுத்துக் கெடக்கற மனுசன் முன்னால நடிக்கப் போறியா? அவரை ஏமாத்தறதுதான அது?"

"அவருக்குத் தெரியுமுங், நான் நம்பறதில்லைன்னு."

"அப்புறம் வாயைத் தொறந்து 'பட்டி பெருக'ன்னு சொன்னா பொய்தான? பட்டியில ஒண்ணுமே இல்ல."

மடித்த சட்டையைப் பைக்குள் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு யோசித்தான். "பெருகுதுன்னு சொன்னாத்தான் பொய்யிங். பெருகன்னு சொல்றது வியங்கோள். பத்தாவதுல படிச்சமே, வாழ்க, வளர்கன்னு. ஆசைப்படறது எப்படிப் பொய்யாகும்?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் விடவில்லை. "ஆசைப்படறது சரி. ஆருகிட்டக் கேக்கற?"

அவன் வாயே திறக்கவில்லை. கீழ்வீட்டுக் குழாயில் தண்ணீர் சொட்டுவது கேட்டது. கேட்கிறவன் இருக்கிறான் என்று தெரிந்து கேட்பதற்கும், சும்மா காற்றில் சொல்லிவைப்பதற்கும் வித்தியாசம் இல்லையா? மாலை போட்ட நாளிலிருந்து விடியற்காலையில் பச்சைத் தண்ணீர் தலையில் விழும்போதெல்லாம் அந்த வித்தியாசம் எனக்குத் தெரிகிறது. அதை அவனிடம் சொன்னேன். முருகன் மனதில் இல்லாமல் தாராபுரம் வழியாகப் பழனிக்கு நடந்தால் காலில் கொப்புளம்தான் மிச்சம் என்றேன்.

"மாலை போட்ட நாள்ல இருந்து உங்களச் சாமின்னுதான கூப்படறேன்? வாங்க போங்கன்னுதான பேசறேன்?" என்றான். "அதுக்கு முன்னால வாடா போடாதான். உங்களுக்குள்ள சாமி வந்துருச்சுன்னு நெனச்சா கூப்படறேன்? அது பொய்யாத் தெரிஞ்சுதுங்களா, இத்தன நாள்ல ஒருக்காவாச்சும்?"

இல்லை. ஒரு தடவைகூட இல்லை. முதல் நாள் அவன் "சாமி, தண்ணி மோந்து வெச்சிருக்கேனுங்" என்றபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அதை இப்போதும் அவனிடம் சொல்லவில்லை.

மணி ஒன்றரை இருக்கும். "தட்டை அடிச்சுக்கிட்டே பட்டியச் சுத்தி வருவாங்களே, அந்த வார்த்தை முழுசா நெனப்புல இல்லீங்" என்றான். "அப்பாவக் கேக்கலாம்னா, அவரு சொல்றது இப்ப ஆருக்கும் புரியறதில்ல."

நான் எழுந்தேன். என் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக் கரண்டியால் மெல்லத் தட்டினேன்.

"பட்டி பெருக."

"பட்டி பெருக" என்றான்.

"பால் பானை பொங்க."

"பால் பானை பொங்க."

அவன் குரல் பிசிறியது. நான் கொஞ்சம் வேகமாகத் தட்டிவிட்டேன் போல. கீழ்வீட்டில் விளக்கு எரிந்தது.

"ஆருப்பா அது?" என்று ஆயா படிக்கட்டுக்குக் கீழிருந்து சத்தம் போட்டார். "பட்டிப் பொங்கலு நாளான்னிக்குத்தான?"

"ஆமாங் ஆயா" என்றான் கதிர்வேல். பிறகு என் பக்கம் திரும்பி, "அப்புறமுங்?" என்றான்.

கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். "நோவும் பிணியும் தெருவோட போக."

அதை அவன் திருப்பிச் சொல்ல வெகுநேரம் ஆனது.