10-பி அரையாண்டுத் தேர்வு: மதிப்பெண் சுருக்க அறிக்கை

பெறுபவர்: 10-பி வகுப்பாசிரியர் (கணிதம்)
தயாரிப்பு: பள்ளித் தேர்வுக் குழு
அடிப்படை: 10-ஏ, பி, சி பிரிவுகளின் 115 மாணவர்களுக்கும் `Marks` தாளில் பதிந்த மதிப்பெண்கள். கீழே வரும் எண்கள் எல்லாம் சூத்திரம் கணக்கிட்டவை. அவற்றை ஒட்டி வரும் விளக்கம் குழு எழுதியது.

முதலில் பார்க்க வேண்டியது

பட்டியலில் 41 பேர். ஐந்து பாடமும் எழுதியவர் 39. ஐந்திலும் தேர்ச்சி 24 பேர், அதாவது 61.5%. தவறிய 15 பேரில் 7 பேர் ஒரே ஒரு பாடத்தில்தான் தவறியிருக்கிறார்கள். அந்த ஏழில் நான்கு பேருக்குக் கணிதம் மட்டும் தடை. வரிசை எண் 7 (34), 19 (33), 32 (31), 14 (27). இந்த நால்வரும் கரையேறினால் முழுத் தேர்ச்சி 24-இலிருந்து 28 ஆகும். ஆங்கிலம், அறிவியல், சமூக அறிவியல் ஒவ்வொன்றிலும் தலா ஒருவர் அதே நிலையில் இருக்கிறார். அவர்களின் எண்கள் அந்தந்தப் பாட ஆசிரியருக்குப் போயிருக்கின்றன.

| பாடம் | எழுதியோர் | சராசரி | தேர்ச்சி | % |
|---|---|---|---|---|
| தமிழ் | 40 | 58.6 | 37 | 92.5 |
| ஆங்கிலம் | 40 | 46.3 | 31 | 77.5 |
| கணிதம் | 39 | 44.8 | 27 | 69.2 |
| அறிவியல் | 39 | 53.7 | 33 | 84.6 |
| சமூக அறிவியல் | 40 | 51.2 | 35 | 87.5 |

சதவீதம் தேர்வு எழுதியவர்களை வைத்துத்தான். பட்டியலில் உள்ள 41-ஆல் வகுத்தால் கணிதம் 65.9% என்று வரும். தலைமை ஆசிரியர் கூட்டத்தில் இரண்டு எண்ணும் கலந்துவிடக் கூடாது. வரிசை எண் 5 எந்தத் தேர்வுக்கும் வரவில்லை, 28 கணிதத்துக்கும் அறிவியலுக்கும் வரவில்லை. இவர்களைத் தவறியவர்களாகக் கணக்கிடவில்லை. ஆனால் 5-ஆம் எண் மாணவரின் வீட்டோடு பேச வேண்டியது மதிப்பெண்ணைவிட அவசரம்.

கணிதம்: சராசரி சொல்லாதது

காலாண்டில் சராசரி 46.2, இப்போது 44.8. ஐந்து மதிப்பெண்ணுக்குக் குறைவான வித்தியாசம் என்பதால் தாள் "பெரிய மாற்றமில்லை" என்று எழுதுகிறது. ஒரு வினாத்தாளுக்கும் அடுத்ததற்கும் இரண்டு மூன்று மதிப்பெண் ஏறி இறங்குவது இயல்பு என்றுதான் அந்த எல்லையை வைத்தோம். ஆனால் இந்த முறை அந்த வரியோடு நிறுத்திக்கொள்ள முடியாது. பிரித்துப் பார்த்தால் வேறு கதை தெரிகிறது:

| மதிப்பெண் | காலாண்டு | அரையாண்டு |
|---|---|---|
| 0–19 | 5 | 4 |
| 20–34 | 11 | 8 |
| 35–49 | 7 | 13 |
| 50–74 | 11 | 10 |
| 75–100 | 6 | 4 |

கீழே இருந்தவர்கள் மேலே வந்திருக்கிறார்கள், தேர்ச்சி 24-இலிருந்து 27 ஆகியிருக்கிறது. அது உங்கள் மாலை வகுப்பின் பலன் என்றே குழு நினைக்கிறது. மேலே இருந்தவர்களோ இறங்கியிருக்கிறார்கள். வரிசை எண் 11 காலாண்டில் 82, இப்போது 61. எண் 23, 78-இலிருந்து 59. பதினைந்து மதிப்பெண்ணுக்கு மேல் சரிந்தவர்கள் இந்த இருவர்தான். ஏறியவர்களும் இறங்கியவர்களும் ஒருவரையொருவர் மறைத்துக்கொண்டதால்தான் சராசரி அசையாததுபோல் தெரிகிறது. இருவரின் விடைத்தாளையும் அவர்களோடு உட்கார்ந்து ஒருமுறை புரட்டுங்கள்.

தவறிய 12 பேரின் பகுதிவாரி சராசரி: ஒரு மதிப்பெண் வினாக்கள் 14-க்கு 7.5, இரண்டு மதிப்பெண் 20-க்கு 5.0, ஐந்து மதிப்பெண் 50-க்கு 7.3, எட்டு மதிப்பெண் 16-க்கு 3.5. கடைசிப் பகுதியில்தான் இடம் இருக்கிறது. செய்முறை வடிவியலும் வரைபடமும் தலா 8 மதிப்பெண். இரண்டிலும் எந்த வகை வினா வரும் என்பது முன்கூட்டியே தெரியும், படிக்குப் படி மதிப்பெண்ணும் உண்டு. பன்னிரண்டு பேரில் ஐந்து பேர் வரைபட வினாவைத் தொடவே இல்லை. அட்டவணை போட்டு, அச்சு வரைந்து, அளவுத்திட்டம் எழுதியிருந்தாலே சில மதிப்பெண் கிடைத்திருக்கும். 7, 19, 32 மூவருக்கும் தேவைப்படுவது ஒன்றிலிருந்து நான்கு மதிப்பெண்தான். வாரத்தில் இரண்டு நாள் வரைபடத்தாளும் கவராயமும் மட்டும் கொண்டு வரச் சொன்னால் போதும். ஐந்து மதிப்பெண் வினாக்களில் இவர்களை இப்போது தள்ள வேண்டாம்.

மற்ற பிரிவுகளோடு

கணிதத்தில் ஏ பிரிவில் 37 பேர் எழுதி 33 தேர்ச்சி, சராசரி 56.4. சி பிரிவில் 36 பேர் எழுதி 30 தேர்ச்சி, சராசரி 52.1. மூன்று பிரிவும் சேர்த்து 112-க்கு 90, சராசரி 51.0. பி பின்தங்கியிருப்பது உண்மை. ஆனால் ஏ, சி தாள்களை வேறு ஆசிரியர் திருத்தினார். ஐந்து மதிப்பெண் வினாவில் படி மதிப்பெண் கொடுப்பது கைக்குக் கை மாறும். ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஐந்து தாள் மாற்றித் திருத்திப் பார்க்கும்வரை இந்த ஒப்பீட்டை யார் மீதும் சுமத்தக் கூடாது என்பது குழுவின் கருத்து.

எண்கள் எப்படி வந்தன

`Marks` தாளில் B நிரல் பிரிவு, E கணிதம், F அறிவியல் எழுத்துத் தேர்வு (75), G செய்முறை (25). மேலிருந்து கீழாக எழுதியோர், சராசரி, கணிதத் தேர்ச்சி, அறிவியல் தேர்ச்சி:

```
=COUNTIFS(Marks!$B$2:$B$116,"B",Marks!$E$2:$E$116,">=0")
=AVERAGEIFS(Marks!$E$2:$E$116,Marks!$B$2:$B$116,"B")
=COUNTIFS(Marks!$B$2:$B$116,"B",Marks!$E$2:$E$116,">=35")
=COUNTIFS(Marks!$B$2:$B$116,"B",Marks!$F$2:$F$116,">=20",Marks!$G$2:$G$116,">=15")
```

அறிவியலில் கூட்டுத்தொகை 35 என்று மட்டும் பார்த்தால் பி பிரிவில் 35 பேர் தேர்ச்சி என்று வரும். சரியான எண் 33. எழுத்தில் 20, செய்முறையில் 15 தனித்தனியே வேண்டும். ஒரு மாணவர் செய்முறையில் 22, எழுத்தில் 16, மொத்தம் 38 வாங்கியும் தவறியிருக்கிறார். இந்தத் தவறு பொதுத்தேர்வு முடிவு வந்த பிறகு தெரிந்தால் பயனில்லை.

பதியும்போது மூன்று இடத்தில் கவனம் தேவை. தேர்வுக்கு வராதவருக்கு `AB` என்றே போட வேண்டும். 0 போட்டால் அவர் எழுதியவர் ஆகி, சராசரியையும் இழுத்துவிடுவார். கைபேசியிலிருந்து ஒட்டும்போது எண்ணுக்குப் பின்னால் இடைவெளி ஒட்டிக்கொண்டால் அது எழுத்தாகிவிடலாம். கண்ணுக்கு 47 என்று தெரியும், சூத்திரம் அதைத் தொடாது. இதைப் பிடிக்க ஒவ்வொரு பாடத்துக்கும் அடியில் ஒரு சோதனை இருக்கிறது, விடை 0 வர வேண்டும்:

```
=115-COUNT(Marks!$E$2:$E$116)-COUNTIF(Marks!$E$2:$E$116,"AB")
```

மூன்றாவது, வரிசைப்படுத்தும்போது ஒரு நிரலை மட்டும் தேர்ந்தெடுப்பது. ஒருவர் மதிப்பெண் இன்னொருவர் பெயருக்குப் போய்விடும், மேலே உள்ள சோதனை அதைக் காட்டாது. அதனால் அச்சிடும் முன் பிரிவுக்கு ஐந்து விடைத்தாளை எடுத்து `Marks` தாளோடு நேரடியாகச் சரிபார்க்கிறோம். பி பிரிவில் இந்த முறை ஐந்தும் பொருந்தின.

திருத்தம் ஏதும் இருந்தால் `Marks` தாளில் மட்டும் மாற்றுங்கள். இந்த அறிக்கையின் எண்ணை அடித்து எழுதினால் அந்தச் சூத்திரம் அழிந்து, முழுஆண்டுத் தேர்வுக்கும் பழைய எண்ணே நிற்கும்.