கட்டுக்கணக்கு: பீடி சுத்துகிறவர்களின் சொந்தக் கணக்குக்கு ஒரு செயலி. சோதனைப் பதிப்புக்குப் பெயர் சேர்க்கிறோம்

பீடி சுத்துகிற வீட்டில் எங்காவது ஒரு கணக்கு இருக்கும். பிள்ளையின் பழைய பள்ளிக்கூட நோட்டில் பின்பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டு வருவார்கள். சிலர் காலண்டர் தாளில் கோடு போடுவார்கள். இன்றைக்கு எத்தனை கட்டு, கடையில் எத்தனை எடுத்துக்கொண்டார்கள், எத்தனையைக் கழித்தார்கள், இலை எவ்வளவு தந்தார்கள், பற்றாத இலைக்கு நாம் எவ்வளவு காசு கொடுத்தோம். இந்த ஐந்தையும் போனில் குறித்து வைக்கிற செயலிதான் கட்டுக்கணக்கு.

நாங்கள் முக்கூடலில் மூன்று பேர். இரண்டு பேர் வீட்டில் அம்மாவும் ஆச்சியும் சுளகை மடியில் வைத்துச் சுத்தித்தான் எங்களைப் படிக்க வைத்தார்கள். என் அம்மா இருபது வருடத்துக்கு மேல் சுத்திவிட்டுக் கண் பார்வை குறைந்து நிறுத்தியபோது, பி.எஃப். கணக்கில் இருந்த நாட்களும் அம்மா சொன்ன நாட்களும் ஒத்துப்போகவில்லை. பழைய நோட்டுகளைத் தேடினோம். கிடைத்தது மூன்று. அதிலும் ஒன்றில் மழைத்தண்ணீர் இறங்கி மை கலைந்திருந்தது. ஆற்றோரம் குடியிருந்த சித்திக்கு அதுவும் இல்லை; 2023 டிசம்பர் வெள்ளத்தில் பெட்டியோடு போய்விட்டது. கடைப் பாஸ் புத்தகத்தில் இருப்பது கடைக்காரர் எழுதிய கணக்கு. சுத்தினவர் எழுதிய கணக்கு என்று ஒன்று கையில் இருந்தால்தான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். இந்தச் செயலி இதற்காகத்தான். வேறு எதையும் இதில் நாங்கள் திணிக்கவில்லை.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு அக்கா வாரத்தில் ஆறு நாள், நாளுக்கு 800 பீடி சுத்துகிறார். 25 பீடி ஒரு கட்டு என்றால் நாளுக்கு 32 கட்டு, வாரத்துக்கு 192 கட்டு, அதாவது 4,800 பீடி. கடையில் 10 கட்டைக் கழித்துவிட்டார்கள். கூலி ஆயிரத்துக்கு 280 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அந்த 10 கட்டுக்கு 70 ரூபாய். ஒரு வாரத்துக்கு அது சின்னத் தொகைதான், யாரும் சண்டை போட மாட்டார்கள். பத்து வாரம் அப்படியே போனால் 700. இலை நல்லதாக வராத வாரங்களில்தான் கழிவு கூடுகிறது என்பது சுத்துகிற எல்லோருக்கும் தெரியும். ஆனால் எந்த வாரம், எத்தனை கட்டு என்று கேட்டால் வாயில் பதில் வராது. செயலியில் கழிவுக்கும் இலைக்கும் பக்கத்துப் பக்கத்தில் கட்டம் வைத்திருப்பது அதனால்தான். கட்டுக்கு எத்தனை பீடி, ஆயிரத்துக்கு என்ன கூலி என்பதை நீங்களே மாற்றிக்கொள்ளலாம். கடைக்குக் கடை வேறு வேறு என்று தெரிந்தே அப்படி விட்டிருக்கிறோம்.

யாருக்கு இது பொருந்தும்?

வீட்டில் இருந்து பீடி சுத்துகிற, 18 வயது நிறைந்த பெண்கள், ஆண்கள் எல்லோருக்கும். திருநெல்வேலி, தென்காசி இரண்டு மாவட்டத்துக்காரர்களையும் சேர்க்கிறோம். மேலப்பாளையம், முக்கூடல், ஆலங்குளம், கடையம், பாவூர்சத்திரம், எந்த ஊராக இருந்தாலும் சரி. ஆண்ட்ராய்டு போன் வேண்டும், 8 அல்லது அதற்கு மேல் பதிப்பு. நெட் எப்போதும் இருக்க வேண்டியதில்லை. வாரம் ஒரு தடவை வந்தால் போதும். எழுத்துக் கூட்டி வாசிக்கச் சிரமப்படுகிறவர்களை மனதில் வைத்து எண்களைப் பெரிதாகப் போட்டிருக்கிறோம். நீங்கள் பதிந்ததை ஒரு பொத்தானைத் தொட்டால் தமிழில் வாசித்துக் காட்டும்.

அம்மாவுக்குப் போன் இல்லை, மகள் போனில் போடலாமா என்று நிறைய பேர் கேட்டார்கள். போடலாம். ஆனால் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல, மகள் தட்ட வேண்டும். கணக்கு அம்மா பேரில்தான் இருக்கும். வீட்டுக்காரரோ மருமகனோ அவராகவே பெயர் சேர்த்துவிட்டு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தால் தயவுசெய்து வேண்டாம். சுத்துகிறவருக்குத் தெரியாமல் அவர் கணக்கு எங்கேயும் இருக்கக் கூடாது.

ஐபோனுக்கு இப்போது இல்லை. ஒரு கடையில் எத்தனை பேர் எவ்வளவு கொண்டுவந்தார்கள் என்று மொத்தமாகப் பார்க்க நினைக்கிற கடைக்காரர்களுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும் இது உதவாது. ஒருவர் கணக்கை இன்னொருவர் பார்க்கிற வழியே இதில் கிடையாது, பின்னால் வைக்கப்போவதும் இல்லை. பி.எஃப். இருப்பு பார்க்க வேண்டும், நலத்திட்டத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று வருகிறவர்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம், இதில் அது முடியாது. கடன், சீட்டு, விளம்பரம் எதுவும் கிடையாது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். செயலியில் இருக்கிற கணக்கைக் காட்டினால் உடனே எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள் என்று நாங்கள் வாக்குக் கொடுக்க முடியாது. நீங்கள் எழுதி வைத்த கணக்கு என்கிற மதிப்புதான் அதற்கு. அந்த மதிப்பு பெரியது என்று நாங்கள் நம்புகிறோம். 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டமே வீட்டில் இருந்து சுத்துகிறவரையும் தொழிலாளி என்றுதான் எண்ணியது. தொழிலாளி தன் வேலைக்குக் கணக்கு வைத்துக்கொள்வதில் யாரும் முகம் சுளிக்க ஒன்றும் இல்லை.

பெயர் சேர்ப்பது என்றால் என்ன?

வரிசையில் ஒரு இடம், அவ்வளவுதான். பெயர் சேர்த்த உடனே செயலி வந்துவிடாது. பிப்ரவரி 10 வரை பெயர் வாங்குகிறோம். மார்ச் 1 அன்று முதல் 60 பேருக்குக் கொடுப்போம், மீதிப் பேருக்கு அதில் வருகிற கோளாறுகளைச் சரிசெய்த பிறகு. பெயர் கொடுத்த வரிசைப்படி மட்டும் எடுக்கவில்லை. ஒரே ஊர், ஒரே கடை என்று ஆகிவிடாமல் பிரித்து எடுப்போம். அதனால் உங்களுக்குப் பின்னால் பெயர் கொடுத்த மதினிக்கு முதலில் வந்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேட்பது நான்குதான்: உங்களைக் கூப்பிடுகிற பெயர், ஊர், போன் எண், ஜிமெயில் முகவரி. ஜிமெயில் ஏன் என்றால், கூகுள் பிளேயில் மூடிய சோதனை என்ற முறையில் செயலியைத் தருகிறோம். அதில் யார் யாருக்குக் காட்ட வேண்டும் என்று மின்னஞ்சல் முகவரியை வைத்துத்தான் சேர்க்க முடியும். உங்கள் போனில் பிளே ஸ்டோர் எந்த முகவரியில் இருக்கிறதோ அதையே கொடுங்கள். பல வீடுகளில் போன் வாங்கிக்கொடுத்த தம்பியோ மகனோ தன் முகவரியைப் போட்டிருப்பார். ஒரு தடவை பார்த்துவிட்டுக் கொடுங்கள், முகவரி மாறினால் இணைப்பு திறக்காது. ஆதார் எண், வங்கிக் கணக்கு, 12 இலக்க யு.ஏ.என்., கடையின் பெயர் எதையும் கேட்க மாட்டோம். ஓ.டி.பி. கேட்டு யாராவது எங்கள் பெயரில் பேசினால் அது நாங்கள் இல்லை, போனை வைத்துவிடுங்கள்.

முறை வந்ததும் உங்கள் முகவரிக்கு ஒரு இணைப்பு வரும். திறந்தால் "Become a tester" என்று ஒரு பொத்தான் இருக்கும். அதைத் தொட்டால்தான் செயலி பிளே ஸ்டோரில் உங்களுக்குத் தெரியும். தொட்ட பிறகு குறைந்தது 14 நாள் விலகாமல் இருக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். புதிதாகத் தனிநபர் கணக்குத் தொடங்கியவர்கள் 12 பேரையாவது தொடர்ந்து 14 நாள் சோதனையில் வைத்திருந்தால்தான் செயலியை எல்லோருக்கும் வெளியிட விண்ணப்பிக்கலாம் என்பது கூகுளின் விதி. முதல் வாரத்திலேயே நிறைய பேர் போய்விட்டால் எங்களுக்குத் திரும்பவும் முதலிலிருந்து எண்ண வேண்டியதாகிவிடும். ஆனாலும் பிடிக்கவில்லை என்றால் இருந்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

சோதனைப் பதிப்பு என்பதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இது இன்னும் முழுதாகத் தயாராகவில்லை. வாயால் சொன்னால் எண்ணைப் பதிகிற வசதி இருக்கிறது, ஆனால் எழுபது என்று சொன்னதை எழுநூறு என்று எடுத்துக்கொண்ட நாள் உண்டு. சில சின்ன போன்களில் வாரக் கூட்டுத்தொகை வருகிற பக்கம் பாதி மறைகிறது. பதிந்த கணக்கே அழிந்துபோகவும் வாய்ப்பு இருக்கிறது. அதனால் சோதனை முடிகிற வரை உங்கள் நோட்டை விட்டுவிடாதீர்கள். நோட்டிலும் எழுதுங்கள், போனிலும் போடுங்கள். இரண்டு தடவை எழுதுவது கூடுதல் வேலை என்று எங்களுக்குத் தெரியும். ராத்திரி பத்து மணிக்கு முக்கு மடக்கி முடித்துவிட்டு உட்காருகிறவரிடம் இதைக் கேட்கவே எங்களுக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. நாளுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகாதபடி செய்திருக்கிறோம். அதற்கு மேல் ஆனால் அதுவே ஒரு கோளாறு, எங்களிடம் சொல்லுங்கள்.

குறைகளைத்தான் முக்கியமாகக் கேட்கிறோம். செயலிக்குள் "குறை சொல்" என்ற பொத்தான் இருக்கிறது. எழுத வேண்டாம், பேசி அனுப்பினால் போதும். "கழிவு" என்று நாங்கள் போட்டிருப்பதை உங்கள் ஊரில் வேறு சொல்லால் சொல்வீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள், மாற்றிக்கொள்வோம். இந்தச் சோதனைக்குக் காசு வாங்குவதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. வெளியிட்ட பிறகும் சுத்துகிறவர்களுக்கு இலவசம்தான்.

உங்கள் கட்டுக் கணக்கு உங்கள் போனிலேயே இருக்கும். நீங்கள் அனுப்பினால் ஒழிய எங்களுக்கு வராது. போன் தொலைந்தால் கணக்கும் போய்விடுமே என்பதற்காக வாரக் கணக்கை ஒரு கோப்பாக்கி மகளுக்கோ தங்கைக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பிவைக்கிற வசதி வைத்திருக்கிறோம். யாருக்கு அனுப்புவது என்பது உங்கள் இஷ்டம். பெயர் சேர்க்கும்போது தருகிற நான்கு விவரத்தை இந்தச் சோதனைக்கு மட்டும் பயன்படுத்துவோம், யாருக்கும் கொடுக்க மாட்டோம். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதத்தைத் திரும்பப் பெறுவதும் கொடுப்பதைப் போலவே எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. அதன்படி, "என் பெயரை எடுத்துவிடு" என்று ஒரு செய்தி அனுப்பினால் ஏழு நாளுக்குள் அழித்துவிட்டு, அழித்தாகிவிட்டது என்று பதில் போடுவோம். காரணம் கேட்க மாட்டோம்.

சேர விரும்புகிறவர்கள் கீழே இருக்கிற "பெயர் சேர்" பொத்தானைத் தொட்டு நான்கு விவரத்தையும் நிரப்புங்கள். "உங்கள் பெயர் சேர்ந்தது" என்று ஒரு எண்ணோடு செய்தி வரும், அதை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளுக்குள் வரவில்லை என்றால் ஜிமெயில் முகவரியில் எழுத்துத் தவறியிருக்கும், திரும்ப ஒரு தடவை நிரப்பினால் போதும்.